கரீமும் காசிமும் ஒரே வரிசையில் நிற்பதில்லை

கோலியனூர் கூட்ரோட்டில் விழுப்புரம் பேருந்துக்குக் காத்திருக்கும்போது கடைப் பலகைகளில் உள்ள பெயர்களை எதுகை பார்த்து அடுக்குவது என் நெடுநாள் பழக்கம். யாப்பு நடத்தியே வேலைக்காலம் கழிந்த தமிழாசிரியனுக்கு இது தானாக வருகிறது. அப்படி அடுக்கிக்கொண்டு போன ஒரு நாளில்தான், நம் ஊர்களில் வழங்கும் இஸ்லாமியப் பெயர்களில் எத்தனை பெயர் ‘ம்’ என்று முடிகின்றன என்பது உறைத்தது. கரீம், ரஹீம், சலீம், காசிம், ஹாஷிம், சலாம், நிஜாம், அக்ரம், அஸ்லம், கய்யூம். இயைபுத் தொடைக்கு இதைவிட என்ன வேண்டும்?

விழுப்புரத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. கீழக்கரையில் பிறந்து, வேலூர் பாக்கியாத்தில் ஓதி, இந்தப் பக்கம் வந்து தங்கிவிட்ட ஆலிம். ஹஜ்ரத் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். என் பெயர்ப் பட்டியலை அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தேநீர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“நாலு வீட்டுப் பிள்ளைங்களை ஒரே திண்ணையில உட்கார வெச்சிட்டீங்களே, ஐயா.”

நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் நான்கு வரிசை எழுதிக் காட்டினார். கரீம், ரஹீம், சலீம், கய்யூம் ஒரு வரிசை. சலாம், நிஜாம், இமாம் இன்னொன்று. காசிம், ஹாஷிம், ஆலிம் மூன்றாவது. அக்ரம், அஸ்லம் நான்காவது. முஸ்லிம் என்ற சொல்லையும் இந்த நான்காவதில்தான் சேர்த்தார். எனக்கு அங்கேதான் தடுக்கியது. முஸ்லிமும் ஆலிமும் என் காதுக்கு அச்சாக ஒரே ஓசை. இரண்டிலும் ‘லிம்’ இருக்கிறது. அவற்றைப் பிரித்துவிட்டார். கரீமும் கய்யூமும் எனக்கு ஒட்டவே ஒட்டாதவை, அவற்றைச் சேர்த்துவிட்டார். பழைய அரபுக் கவிஞன் ஒருவனுக்கு இந்த நான்கு வரிசையும் நான்கு தனிப் பாடல்கள். ஒன்றிலிருக்கும் சொல் மற்றொன்றில் கால் வைக்க முடியாது.

அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அரபு யாப்பின் ஈற்றோசை நயம் எனக்குப் பிடிபட்டது அதிலிருந்துதான்.

அரபுக் கவிதையின் ஓர் அடி இரண்டு பாதியாக நிற்கும். அடிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பைத்’. வீடு என்றும் கூடாரம் என்றும் பொருள். பாதியடிக்கு ‘மிஸ்ரா’ என்று பெயர். இரட்டைக் கதவின் ஒரு பக்கக் கதவு. முதல் கதவு எப்படி முடிந்தாலும் கேள்வி இல்லை. இரண்டாம் கதவு சாத்தப்படும் ஓசை மட்டும் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்த இறுதி ஓசைப் பகுதி ‘காஃபியா’. அதற்குள் மாறாமல் நிற்கும் மெய்யெழுத்து ‘ரவிய்’. ஒட்டகத்தின் முதுகில் சுமையை இறுக்கும் கயிற்றின் பெயரோடு இந்தச் சொல்லை உறவாக்கிச் சொல்வது அவர்களிடையே உண்டு. பாட்டுக்குப் பெயர் வைப்பதே பல நேரம் இந்த எழுத்தைக் கொண்டுதான். லாம் எழுத்தில் முடிவது லாமிய்யா, மீமில் முடிவது மீமிய்யா. தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களிலும் வீட்டு மஜ்லிஸ்களிலும் ஓதப்படும் ‘கஸீதத்துல் புர்தா’ ஒரு மீமிய்யா. 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த பூஸீரி பாடியது. ஏறத்தாழ 160 அடி. அத்தனை அடியும் மீமில் வந்து நிற்கின்றன.

ஈற்றெழுத்து ஒன்றாக இருந்தால் போதும் என்றால் என் கடைப் பலகைப் பட்டியலே சரியாகியிருக்கும். நயம் அந்த எழுத்துக்கு முன்னே ஓரிரு எழுத்துத் தொலைவில் இருக்கிறது.

மீமை ஒட்டி முன்னால் ஒரு நெட்டுயிர் வந்தால் அதற்கு ‘ரித்ஃப்’ என்று பெயர். ஒட்டகத்தில் ஒருவருக்குப் பின்னால் தொற்றி உட்கார்ந்து வருபவர் என்று பொருள். எழுத்து வரிசையில் அது ரவிய்க்கு முன்னால்தானே வருகிறது, பின்னால் உட்கார்பவர் என்று ஏன் சொன்னார்கள் என்று கேட்டேன். “காஃபியாவைக் கடைசியிலிருந்துதான் எண்ணணும், ஐயா. கடைசி எழுத்துதான் ஓட்டுறவர்” என்றார் ஹஜ்ரத். அப்படி எண்ணினால், மீம் முன்னே உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருக்கிறது. நெடில் அதன் முதுகோடு ஒட்டி வருகிறது.

முதல் அடியில் ரித்ஃப் வந்துவிட்டால் கடைசி வரைக்கும் அது இறங்கக் கூடாது. முதல் அடியில் வரவில்லை என்றால் பிறகு எங்கும் ஏறக் கூடாது. ஆகவே கரீமும் அக்ரமும் சேரமாட்டார்கள். ஒன்றில் மீமுக்கு முன் நெடில், மற்றதில் குறில். தமிழ் யாப்பு படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும் என்பது நம் விதி. கட்டுக்குப் பட்டு எதுகை. பாட்டு எதுகை ஆகாது. ஒத்து வரும் எழுத்தை மட்டும் பார்க்காமல், அதற்கு முந்திய எழுத்து எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்றும் நம் ஆட்கள் பார்த்தார்கள். அரபுக்காரர்கள் அதே கவனத்தை அடியின் கடைசியில் செலுத்தினார்கள். நமக்கு அடியின் வாசலில் இருக்கும் காவல் அவர்களுக்குக் கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

ஆனால் ரித்ஃபில் நம்மிடம் இல்லாத ஒரு நுட்பம் உண்டு. மூன்று நெட்டுயிர்தான் அந்த மொழிக்கு: ஆ, ஈ, ஊ. இவற்றில் ஈயும் ஊவும் ஒன்றுக்கொன்று மாறி வரலாம். ஆ மட்டும் யாரோடும் சேராது. அதனால்தான் கய்யூம் போய்க் கரீமின் பக்கத்தில் உட்கார்ந்தார். சலாமும் இமாமும் தனி வரிசைக்குப் போனார்கள். நபிகள் நாயகத்தின் முன்னே கஅப் இப்னு ஸுஹைர் பாடியதாகப் போற்றப்படும் ‘பானத் சுஆத்’ என்ற லாமிய்யா இதற்கு நல்ல சாட்சி. அதில் ஊல் என்ற முடிவும் ஈல் என்ற முடிவும் கலந்தே வருகின்றன. நம்மூர்ப் பெயர்களில் சொன்னால் மக்பூலும் ஜமீலும் கலீலும் ரசூலும் ஒரே பாட்டில் வரலாம். கமாலும் ஜமாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது.

ஏன் இப்படி? நான் வாயை வைத்துப் பார்த்தேன். ஈ சொல்லும்போதும் ஊ சொல்லும்போதும் நாக்கு மேலண்ணத்தை நோக்கி எழும்புகிறது, வாயின் உள்வெளி குறுகுகிறது. ஆ என்றால் தாடை இறங்கி வாய் முழுக்கத் திறந்துகொள்கிறது. இரண்டு குறுகிய கதவுகளும் ஓர் அகன்ற கதவும். இலக்கணம் எழுதப்படுவதற்கு முன்பே பாலைவனத்தில் பாடிக்கொண்டிருந்தவர்களின் செவி, குறுகியவற்றை ஓர் இனமாகவும் அகன்றதைத் தனி இனமாகவும் பிரித்துவிட்டது. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் யாப்பை வகுத்தபோது, ஏற்கெனவே காதுகளில் இருந்த இந்தப் பிரிவினையைத்தான் பெயரிட்டு எடுத்து வைத்தார். தமிழ்க் காதுக்கு ஈயும் ஊவும் ஒன்றல்ல என்பதால் முதலில் எனக்கு ஒரு நெருடல் இருந்தது. பத்து முறை ‘கரீம், கய்யூம், ரஹீம்’ என்று மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு நடுவில் ‘சலாம்’ என்று போட்டுப் பாருங்கள். சலாம் தனியாகத் தெறித்து நிற்கும்.

இப்போது முஸ்லிமுக்கும் ஆலிமுக்கும் வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

ஆலிம் என்பதில் ரவிய் மீம். அதற்கு முன் ‘லி’. அதற்கும் முன்னால் ஓர் ஆ. இப்படி ரவிய்க்கும் ஓர் ஆகாரத்துக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்து இருந்தால், அந்த ஆகாரத்துக்குத் ‘தஃஸீஸ்’ என்று பெயர். அடித்தளம் போடுவது என்று பொருள். நடுவில் மாட்டிக்கொண்ட எழுத்துக்குத் ‘தகீல்’ என்று பெயர், உள்ளே நுழைந்தவர். அடித்தளத்தை மாற்ற முடியாது. ஒரு முறை போட்டால் எல்லா அடியிலும் போட வேண்டும். நுழைந்தவரோ அடிக்கு அடி மாறலாம். காசிமில் ஸ், ஹாஷிமில் ஷ், ஆலிமில் ல், ஹாகிமில் க். மெய் மாறினாலும் அதன் மேல் ஏறிய இகரம் மட்டும் மாறாமல் இருப்பதுதான் அழகு என்று கண்டிப்பானவர்கள் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் வந்து தங்கும் விருந்தாளி யாராகவும் இருக்கலாம், ஆனால் வீட்டு வழக்கப்படி நடக்க வேண்டும் என்பது போல.

முஸ்லிமில் அந்த ஆகாரம் இல்லை. ‘லிம்’ இருக்கிறது, அடித்தளம் இல்லை. ஆகவே ஆலிமின் பாட்டில் முஸ்லிம் வந்தால் ‘ஸினாத்’ என்ற குற்றம். ரவிய்க்கு முந்திய பகுதியில் வரும் எல்லாப் பிசகுக்கும் பொதுப்பெயர் அது. நம் யாப்பில் ஆசிடையிட்ட எதுகை என்று ஒன்று இருக்கிறதே, ய, ர, ல, ழ என்ற நான்கு ஒற்றில் ஒன்று இடையே புகுந்தாலும் எதுகை கெடாது என்று. எனக்குத் தகீல் அதை நினைவூட்டியது. இரண்டு மரபும் ஓசை ஒன்றும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அந்நியனுக்கு இடம் விட்டிருக்கின்றன. நாம் இன்னின்னார் மட்டும் வரலாம் என்று பெயர் சொல்லி அனுமதித்தோம். அவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், அப்பால் நிற்கும் ஆகாரம் மட்டும் அசையக் கூடாது என்றார்கள். எனக்கு இரண்டாவதுதான் அரிதாகத் தோன்றுகிறது. பக்கத்து எழுத்தை விட்டுவிட்டு, தாண்டி நிற்கும் எழுத்தை நினைவில் வைத்திருக்கும் செவி அது.

இவ்வளவும் ரவிய்க்கு முன்னால். பின்னால் என்ன? மீமின் மேல் ஓர் உயிர் ஏறியிருக்கும். அடி முடியும் இடம் என்பதால் அது நீட்டிச் சொல்லப்படும். கரீமூ, கரீமீ, கரீமா. இந்த உயிரின் பெயர் ‘மஜ்ரா’, ஓடும் வழி. இதுவும் முதலடியில் என்னவோ அதுவே கடைசிவரை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அரபில் பெயர்ச்சொல்லின் கடைசிக் குற்றுயிர்தான் வேற்றுமை உருபு. கரீம் வந்தார் என்றால் உ. கரீமைப் பார்த்தேன் என்றால் அ. கரீமுடைய, கரீமிடம், கரீமோடு, கரீமால் என்பனவற்றுக்கெல்லாம் இ. அப்படியானால் மஜ்ராவைக் காப்பது என்பது ஓசையை மட்டும் காப்பதல்ல. இகரத்தில் முடியும் பாட்டு என்று தீர்மானித்துவிட்ட கவிஞன், ஒவ்வோர் அடியின் கடைசிச் சொல்லையும் ஒரு குறிப்பிட்ட இலக்கண நிலையில் கொண்டுவந்து நிறுத்த ஒப்புக்கொள்கிறான். தமிழில் ஒருவர், நூறு பாட்டும் நூறு வேற்றுமைத்தொகையில் முடியும், எழுவாயில் ஒன்றுகூட முடியாது என்று சபதம் செய்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

புர்தாவின் மீம் இகரம் ஏறிய மீம். ரித்ஃப் இல்லை, தஃஸீஸ் இல்லை. கடைசிச் சீர் இரண்டு குறிலும் ஒரு நெடிலுமாக ஒலிக்கும். காலடி என்ற பொருளில் ‘கதம்’ என்றொரு சொல் உண்டு; அது அங்கே ‘கதமீ’ என்று வரும். நம் அசை பிரித்தால் நிரை நேர், புளிமா. இப்படிப்பட்ட பாட்டை எழுத உட்காரும் ஒருவருக்கு எத்தனை வழி திறந்திருக்கிறது என்று ஹஜ்ரத்தோடு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.

முதல் வழி, சொல்லுக்கு முன்னால் ‘இல்’, ‘இருந்து’, ‘ஓடு’ போன்ற பொருள் தரும் ஒரு முன்னிடைச் சொல்லை வைப்பது. இரத்தம் என்ற பொருளுடைய ‘தம்’, ‘இரத்தத்தோடு’ ஆகும்போது இகரம் ஏற்றுத் ‘தமீ’ ஆகிறது. இரண்டாவது, உடைமைத் தொடர். கொடையின் வாசல் என்று சொன்னால், அரபில் வாசல் முன்னும் கொடை பின்னுமாக நிற்கும். கொடை என்னும் ‘கரம்’ இகரம் ஏற்றுக் ‘கரமீ’ ஆகும். மூன்றாவது, ‘என்’ என்ற பொருள் தரும் ஈ. ‘கலம்’ எழுதுகோல், ‘கலமீ’ என் எழுதுகோல். இங்கே ஈ வேற்றுமையால் வந்ததல்ல, ஆனாலும் ஓசைக்கு ஒத்துப்போகிறது. நான்காவதுதான் எனக்கு வியப்பு. ‘எழவில்லை’ என்பதற்கு ‘லம் யகும்’ என்பார்கள். அந்த வினை மெய்யில்தான் முடிய வேண்டும். அதற்கு உயிரே கிடையாது. பாட்டின் ஈற்றில் அதற்கு ஓர் இகரம் கடனாகக் கொடுக்கப்படுகிறது: ‘யகுமீ’. மெய்யில் நின்ற வினை பாட்டுக்காக ஒரு மூச்சு நீள்கிறது. உரைநடையில் வாக்கியம் முடியும் இடத்தில் இந்த வினைக்கு இப்படியொரு முடிவு இல்லை.

தமீ, கரமீ, யகுமீ என்று மீமுக்கு முன்னுள்ள குறில் அகரமாகவும் உகரமாகவும் மாறுகிறதே, அது குற்றமில்லையா? இல்லை. மீமே உயிரேறி ஓடுவதால் முன்னுள்ள குறிலைக் காது விட்டுவிடுகிறது. மீம் உயிரில்லாமல் ‘ம்’ என்று அடைத்து நிற்கும் பாட்டாக இருந்தால் அந்தக் குறிலையும் பார்ப்பார்கள். அக்ரம் பக்கத்தில் முஸ்லிமை உட்கார வைக்கக் கண்டிப்பானவர்கள் அப்போது யோசிப்பார்கள். கடைசியில் உயிர் இருந்தால் முன்னே தளர்வு, இல்லாவிட்டால் முன்னே இறுக்கம். காதுக்கு வேண்டிய ஒத்திசைவின் மொத்த அளவு மாறுவதில்லை; அது வேறோர் இடத்தில் போய்த் தங்கிக்கொள்கிறது.

இந்த மஜ்ரா மாறிவிடும் குற்றத்துக்கு ‘இக்வா’ என்று பெயர். இகரம் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டில் ஓர் அடி உகரத்தில் முடிந்துவிடும். அதைப் பற்றி அரபு மரபில் ஒரு கதை தலைமுறை தலைமுறையாக வருகிறது. இஸ்லாத்துக்கு முந்திய காலத்தின் பெருங்கவிஞர்களில் ஒருவர் நாபிகா. மற்ற கவிஞர்களின் பாட்டுக்கே தீர்ப்புச் சொன்னவர். தால் எழுத்தில், இகரம் ஏறி முடியும் ஒரு பாட்டில் அவரே ஓரிடத்தில் உகரம் போட்டுவிட்டார். கறுத்த காகம் ஒன்று பிரிவை அறிவித்தது என்ற கருத்து வரும் இடம். காகம் அங்கே எழுவாய், ஆகவே அதன் அடைமொழியான ‘அஸ்வத்’ என்ற சொல் ‘அஸ்வதூ’ என்று முடிந்தது. சுற்றிலும் எல்லாம் ‘தீ, தீ’ என்று ஓடிக்கொண்டிருக்க, இங்கே ‘தூ’.

அவ்வளவு பெரிய மனிதரிடம் யார் போய்ச் சொல்வது? அவர் யஸ்ரிபுக்கு, அதாவது பின்னாளில் மதீனாவான ஊருக்கு வந்தபோது அவ்வூரார் ஒரு வழி செய்தார்களாம். ஒரு பாடகியை அழைத்து அந்தப் பாட்டை அவர் முன்னாலேயே பாடச் சொன்னார்கள், ஈற்றுயிரை நன்றாக இழுத்துப் பாடும்படி. அவள் தீ என்று இழுத்தாள், அடுத்த அடியிலும் தீ என்று இழுத்தாள், பிறகு தூ என்று இழுத்தாள். நாபிகாவுக்கு உடனே கேட்டுவிட்டது. அடியை மாற்றினார். கறுத்த காகம் அறிவித்தது என்பதைக் கறுத்த காகத்தின் கரைச்சல் என்று திருப்பினார். காகம் எழுவாயிலிருந்து உடைமைக்கு நகர்ந்தது. அடைமொழியும் கூடவே நகர்ந்து ‘அஸ்வதீ’ ஆயிற்று. பொருளில் இழப்பில்லை. காகம் அதே காகம், சேதி அதே சேதி. அதன் பிறகு அவர் அந்தக் குற்றத்துக்குத் திரும்பவில்லை என்று கதை முடிகிறது.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப நின்று பார்ப்பது அந்தப் பாடகியின் இழுவையை. சொல்லிப் பார்க்கும்போது மறைந்து கிடந்த பிழை, பாடும்போது வெளியே வந்தது. குறிலாக இருக்கும்வரை உவும் இயும் நாக்கு நுனியில் கடந்துபோய்விடும். நீட்டினால்தான் அவை எவ்வளவு வேறு என்று தெரிகிறது. தேவாரத்தை வகுப்பில் வாசித்துக் காட்டும்போது எனக்குத் தென்படாத ஓசைகள், ஓதுவார் வாயில் அதே பதிகத்தைக் கேட்கும்போது தென்பட்டிருக்கின்றன. பிழை திருத்த அவ்வூரார் இலக்கணத்தை எடுக்காமல் இசையை எடுத்தார்கள். அதனால் அந்தப் பெருங்கவிஞனின் மரியாதைக்கும் ஊறு வரவில்லை.

மற்றக் குற்றங்களை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. ஒன்றே ஒன்று. ஒரே சொல்லை ஒரே பொருளில் திரும்பவும் ஈற்றில் வைக்கக் கூடாது. வைத்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஏழு அடியாவது போக வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பொருள் வேறாக இருந்தால் தடையில்லை. ‘ஐன்’ என்ற சொல்லுக்குக் கண், ஊற்று, ஒற்றன் என்றெல்லாம் பொருள் உண்டு. மூன்று அடியில் மூன்று பொருளாக அதை வைக்கலாம். நம் மடக்கணியை ரசிப்பவர்களுக்கு அங்கே ஒரு விருந்து காத்திருக்கிறது.

இனி கீழக்கரைக்குப் போக வேண்டும். இந்தக் கடல்கரையில் வாழ்ந்த ஒருவர் இத்தனை விதிகளையும் தலையில் சுமந்துகொண்டு என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை.

சதக்கத்துல்லா அப்பா என்ற பெயரைப் பாளையங்கோட்டைக் கல்லூரியின் பெயராகப் பலர் அறிவார்கள். 1632 முதல் 1703 வரை வாழ்ந்தவர், கீழக்கரையில் அடங்கியிருக்கிறார். அரபில் பாடியவர். பக்தாத் கவிஞர் ஒருவர் 13ஆம் நூற்றாண்டில் பாடிய ‘வித்ரிய்யா’ என்ற தொகுதியை எடுத்து, அதன்மேல் இவர் ‘தக்மீஸ்’ செய்தார். வித்ரிய்யா இப்போதும் ரமலான் இரவுகளில் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் ஓதப்படுகிறது.

வித்ரிய்யாவின் அமைப்பே ஓர் அதிசயம். லாம் அலிஃபையும் சேர்த்து அரபு எழுத்து 29 என்று கொண்டு, எழுத்துக்கு ஒரு பாட்டு; பாட்டுக்கு 21 அடி. வித்ர் என்றால் ஒற்றைப்படை, 21 ஒற்றைப்படை. ஒவ்வொரு பாட்டிலும் அந்தந்த எழுத்தே எல்லா அடிக்கும் ரவிய். அதோடு நில்லாமல், அடியின் முதலெழுத்தும் அதுவே. தமிழில் சொன்னால் ஒரே எழுத்தில் மோனையும் அதே எழுத்தில் இயைபும். மீம், லாம், தால் போன்றவற்றில் சொல்வளம் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் 29 எழுத்தும் என்று வாக்குக் கொடுத்த பிறகு ஸா, ழா போன்ற வறண்ட எழுத்துகளையும் கடந்தாக வேண்டும். ழாவில் முடியும் சொல்லை ஹஜ்ரத் விரல்விட்டு எண்ணினார்: காப்பு, சொல், அறிவுரை, சினம் என்ற பொருளுள்ள நாலைந்து சொல்லும் அவற்றின் கிளைகளும். அதில் 21 அடி, திரும்பச் சொல்லாமல்.

தக்மீஸ் என்றால் ஐந்தாக்குவது. மூல அடி இரண்டு பாதி. அதன் முன்னால் தக்மீஸ் செய்பவர் மூன்று பாதியடி சேர்ப்பார். அந்த மூன்றும் மூலத்தின் முதல் பாதி எந்த ஓசையில் முடிகிறதோ அதே ஓசையில் முடிய வேண்டும். பிறகு மூலத்தின் இரண்டாம் பாதி, தன் பழைய ரவிய்யோடு வந்து கதவைச் சாத்தும்.

முதல் கதவு எப்படி முடிந்தாலும் கேள்வி இல்லை என்று மேலே சொன்னேன். பக்தாத் கவிஞருக்கு அங்கே எந்தக் கடமையும் இருக்கவில்லை. பொருள் கொண்டுபோன இடத்தில் பாதியடியை விட்டார். ஒன்று நூனில் நின்றது, ஒன்று பாவில், ஒன்று காஃபில். நானூறு ஆண்டு கழித்துக் கீழக்கரையிலிருந்து ஒருவர் வந்து, அப்படித் தற்செயலாக விழுந்த ஒவ்வோர் எழுத்தையும் ரவிய் என்று ஏற்றுக்கொண்டார். அதன் மஜ்ரா என்ன, முன்னால் ரித்ஃப் இருக்கிறதா, தஃஸீஸ் இருக்கிறதா என்று பார்த்து, அதே வார்ப்பில் மூன்று பாதியடி செய்தார். 29 பாட்டு, 21 அடி என்றால் 609 அடி. அடிக்கு மூன்று என்றால் 1827 பாதியடி. மூலக்கவிஞர் எங்கெங்கே சுதந்திரமாக இருந்தாரோ அங்கெல்லாம் இவர் கட்டுப்பட்டார். கட்டுப்பட்டதால் மூலத்தின் அந்தப் பாதியடிகளும், தாம் ஆதியிலேயே ஓசை பார்த்து எழுதப்பட்டவை போல ஒலிக்கத் தொடங்கின.

இதில் தமிழ் வாய்க்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நம் பக்கத்து முஸ்லிம்கள் ஃபர்ளு என்பார்கள், ஹாபிழ் என்பார்கள், காழி என்பார்கள். இந்தச் சொற்களில் இருப்பவை அரபின் இரண்டு வெவ்வேறு எழுத்துகள். ஃபர்ளிலும் காழியிலும் இருப்பது ளாத்; ஹாபிழில் இருப்பது ழா. பேச்சில் நம் நாக்கு இரண்டையும் ஏறத்தாழ ஓரிடத்தில் வைத்துவிடுகிறது. பேச்சோசையை நம்பிப் பாடினால் ஃபர்ளும் ஹாபிழும் இயைந்துவிடும். தமிழ் யாப்பு அதை மன்னிக்கவும் மன்னிக்கும். இன எழுத்து எதுகையாகலாம் என்று நம்மிடம் விதியே இருக்கிறது. அரபு யாப்பில் அது ‘இக்ஃபா’ என்ற குற்றம். ரவிய்க்குப் பதில் அதன் இனத்தெழுத்து வருவது அங்கே ஏற்கப்படாது. ஆகவே இங்கே வாழ்ந்து அரபில் பாடிய ஒருவர், தன் தெருவில் கேட்கும் ஓசையை ஒதுக்கி வைத்துவிட்டு, எழுத்தின் பிறப்பிடத்தைக் கேட்கும் இன்னொரு காதை வளர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

போன ரமலானுக்கு முன்பு ஹஜ்ரத் தம் வீட்டு வித்ரிய்யாவை எடுத்துக் காட்டினார். பழைய அச்சு, மடிப்பில் தாள் பழுத்திருந்தது. அரபு எழுதப் படிக்கத் தெரியாத எனக்கும் அந்தப் பக்கம் புரிந்தது. வலது ஓரத்தில் ஒரே எழுத்து மேலிருந்து கீழே இறங்கி வந்தது. இடது ஓரத்திலும் அதே எழுத்து இறங்கி வந்தது. வாசலின் இருபுறமும் நட்ட வாழைமரம் போல நின்றன இரண்டும்.

அவர் இடது ஓரத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். “இந்த அடி எதுல முடியும், சொல்லுங்க ஐயா.” வலது ஓரத்தைப் பார்த்து விரலை வைத்தேன். சரி என்றார். “எழுத்து சரி. அதுமேல என்ன உயிர்?”

பக்கத்தைப் பார்த்தேன். முதலெழுத்து அதைச் சொல்லவில்லை. அவர் ஓத ஆரம்பித்தார், மெதுவாக, ஈற்றை நன்றாக இழுத்து. ஓர் அடி. இன்னோர் அடி. மூன்றாவது அடியின் இரண்டாம் கதவு பாதி சாத்தும்போதே என் வாய் அந்த உயிருக்குத் தயாராகிவிட்டது. அவர் வந்து சேர்ந்தபோது நானும் அங்கே இருந்தேன்.